டிசம்பர் பென்ஷன் வராத காரணம்

அன்புள்ள மூர்த்தி,

பதில் தாமதமாகிவிட்டது, திட்டாதே. இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்ததா?

"உயிரோடு இருக்கிறேன் என்று நவம்பரிலேயே செல்போனில் முகம் காட்டினேன், பிரமாண் ஐடியும் வந்தது, டிசம்பர் பென்ஷன் ஏன் வரவில்லை?" என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார். பென்ஷன் வழங்கும் வங்கி என்ற இடத்தில், ஃபிக்சட் டெபாசிட் வைத்திருக்கிற வங்கியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். பென்ஷன் வருவது வேறு வங்கி! உன் வாழ்நாள் சான்று ஆள் தெரியாத வீட்டுக்குப் போய்விட்டது. ஆதாரோடு உன் முகம் பொருந்தி, சான்று உருவாகிவிட்டது என்பதற்குத்தான் அந்த ஐடி. வங்கி அதை ஏற்றுக்கொண்டதா என்பது தனிச் சங்கதி. jeevanpramaan.gov.in தளத்தில் அந்த ஐடியைப் போட்டு நிலையைப் பார்க்கலாம்.

இப்போது புதிதாக ஒன்று போடு. AadhaarFaceRD, Jeevan Pramaan இரண்டு செயலியும் போனில் இருக்கின்றன அல்லவா? பென்ஷன் வழங்கும் உத்தரவான பி.பி.ஓ. புத்தகத்தையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பி.பி.ஓ. எண், கணக்கு எண், வங்கி மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபார். வெளிச்சம் முகத்தில் விழ உட்கார்ந்து கண்ணை ஒருமுறை சிமிட்டினால் போதும், மீசையை முறுக்க வேண்டாம். இது சரிப்படாவிட்டால் பென்ஷன் வங்கியின் எந்தக் கிளையிலும் காகிதச் சான்றைக் கொடுக்கலாம். முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதே. பென்ஷனை நிறுத்துவதும் விடுவதும் வங்கியின் மையப் பிரிவு, அதனால் கவுன்டரில் இருக்கும் பையனிடம் சண்டை பிடித்துப் பயனில்லை. பதிவானதும் விட்டுப்போன பணம் சேர்ந்தே வரும்.

ஐடி ஆயுளுக்கும் செல்லாது, வருஷா வருஷம் புதிது வேண்டும். மத்திய அரசு பென்ஷனுக்கு நவம்பர்தான் மாதம். உன் அக்காவுக்கு 80 தாண்டிவிட்டதே, அவருக்கு அக்டோபர் 1-லிருந்தே போடலாம். ரேகை தேய்ந்தவர்களுக்கு முகப்பதிவே நல்லது. போஸ்ட்மேனைக் கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து போட்டுத் தருவார், கட்டணம் 70 ரூபாய். குடும்ப பென்ஷன் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்கச் சொல், அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

மச்சான் மார்ச்சில் ரிட்டயர் ஆகிறானாமே, இடி விழுந்தாலும் மதியத் தூக்கம் கலையாதவன்! மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கைப் பென்ஷனுக்குக் கொடுக்கச் சொல். நாளைக்கு ஒன்றென்றால் அவள் குடும்ப பென்ஷனுக்குப் புதுக் கணக்கு தொடங்கி அலைய வேண்டியதில்லை. கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தருவேன் என்ற உறுதிமொழிப் படிவம் பென்ஷன் பேப்பரோடு போயிற்றா என்று அலுவலகத்தில் கேட்கட்டும். முதல் பென்ஷன் சுணங்குவதற்கு அந்த ஒரு தாளே போதும். பி.பி.ஓ. கைக்கு வந்ததும் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்க்கட்டும்.

உனக்கும் ஒன்று: மார்ச் மாத பென்ஷன் மட்டும் ஏப்ரல் முதல் வேலைநாளில்தான் வரும். மார்ச் 31 இரவு எனக்குப் போன் போட்டுக் கத்தாதே.

புது ஐடி வந்ததும் படம் அனுப்பு. வங்கிப் பெயரை முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
ராமு