மேல்வீட்டுக்கு ஏறும் புகை

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மறுபடி மார்க்கெட்டுக்கு நடந்து போகிறாய் என்றதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, துணி காய்வதில்லை என்று வீட்டில் ஒரே புலம்பல்.

ஸ்கூடாயில் வாங்கிய அப்பார்ட்மெண்டை வாடகைக்கு விடப்போவதாக எழுதியிருந்தாய். ‘ஒப்பந்தத்தில் என்னென்ன போட வேண்டும்?’ என்றும் கேட்டிருந்தாய். நல்ல நேரத்தில் கேட்டாய். வாடகை, டெபாசிட், பைப் ரிப்பேர் எல்லாம் எந்தப் படிவத்திலும் இருக்கும். எந்தப் படிவத்திலும் சரியாக இல்லாத ஒன்றில் நான் போன மாதம் முழுக்க அலைந்தேன்.

என் வீடு இரண்டாவது மாடி என்பது உனக்குத் தெரியும். அதில் இருப்பவன் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பி. தங்கமான பையன். மாதம் 600 வெள்ளி, முதல் வாரத்திலேயே வங்கியில் விழுந்துவிடும். ஒரே பழக்கம் சிகரெட். வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், ஒழுங்காகப் பால்கனிக்குப் போய்ப் பிடித்திருக்கிறான். பிடிக்கும் நேரம் ஷிப்ட் முடிந்து வந்த பிறகு, பெரும்பாலும் இரவு பதினொன்றுக்கு மேல்.

மூன்றாவது மாடி அம்மா முதலில் நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினார். அப்புறம் அவருடைய கணவர் எனக்கே போன் போட்டுக் கத்தினார். வீட்டில் இளைப்பு உள்ள பிள்ளை, ராத்திரி இருமி எழுந்துகொள்கிறதாம். ‘சாப்பாட்டுக் கடையிலேயே பிடித்தால் அபராதம் போடுகிறான், வீட்டில் மட்டும் எப்படி விடலாம்?’ என்று கேட்டார்.

இந்த வாதத்தைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடைகளில் தடை வந்தது 2019 ஜனவரியில். மேசையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போய்ப் பிடி என்று கடைக்காரர்கள் விரட்டியது உனக்கும் ஞாபகமிருக்கும். 2024 அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்த புதிய சட்டம், எண் 852, வேப்பையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. ஆனால் அந்தத் தடை பொதுமக்கள் வந்து போகும் இடங்களைப் பற்றியது. ஒருவர் குடியிருக்கும் வீட்டின் பால்கனிக்குச் சுகாதார அதிகாரியைக் கூட்டி வரலாம் என்று நம்பினால் ஏமாற்றம்தான். அடுக்குமாடிக்கு ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. 2015-இல் வந்த ஸ்திராட்டா பராமரிப்பு ஒழுங்குவிதிகளின் மூன்றாம் அட்டவணையில் துணை விதிகள் இருக்கின்றன. மற்ற குடியிருப்பாளருக்குத் தொல்லை தராமல் வாழ வேண்டும் என்பது அதில் ஒன்று. உரிமையாளரை மட்டுமல்ல, வாடகைக்கு இருப்பவரையும் அவை கட்டுப்படுத்தும். ஒப்பந்தப் படிவங்களிலும் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும், நம்முடையதிலும் இருந்தது. இந்த இரண்டும்தான் என் கையில் இருந்தவை. இரண்டிலும் ‘சிகரெட்’ என்ற சொல்லே கிடையாது. ஆகவே தொல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு குறை சொல்பவருக்கு, எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு.

தம்பியிடம் பேசினேன். ‘அங்கிள், நான் வெளியே நின்னுதானே பிடிக்கிறேன்? காத்துல போயிடுது’ என்றான். பொய் சொல்லவில்லை. அவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் புகை வெளியேதான் போகிறது. நாம் லயத்தில் வளர்ந்தவர்கள், நமக்கும் அப்படித்தான் தோன்றும். அஞ்சடியில் உட்கார்ந்து பெரியவர்கள் ஊதிய சுருட்டுப் புகைக்கு மேலே வானம்தான் இருந்தது, யார் வீடும் இல்லை.

எனவே யார் சொல்வது சரி என்று பார்க்க ஓர் ஏற்பாடு செய்தேன். காற்று அசையாத ஒரு ராத்திரியில், தம்பி வழக்கமாக நிற்கும் இடத்தில், அவன் கை உயரத்தில் ஊதுவத்திகளைக் கொளுத்தி வைக்கச் சொன்னேன். நான் மேல்வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கணவருக்கு இது கொஞ்சம் கேலியாகப்பட்டது, ஆனாலும் கதவைத் திறந்துவிட்டார்.

புகை நேராக மேலே போய், மேல்மாடிப் பால்கனியின் அடித்தளத்தில் முட்டியது. தம்பிக்கு அதுதான் கூரை. முட்டியதும் பரவி, விளிம்பைத் தேடி வெளியே வந்தது. அங்கிருந்து காற்றோடு போயிருந்தால் யாருக்கும் சண்டையில்லை. காற்று இல்லாததால் சுவரை ஒட்டியே சுருண்டு மேலே ஏறியது. கம்பிகளுக்கு நடுவே அது வருவதை டார்ச் வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்க முடிந்தது. பகலில் காற்று வீசும்போது இதே இடத்தில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மத்தியானம் பிடித்தால் புகார் வராததும் ராத்திரி மட்டும் வருவதும் இதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த அம்மா ராத்திரியில்தான் மறுநாள் சாப்பாட்டுக்குத் தாளித்து வைக்கிறார். பின்பக்கச் சமையலறையில் புகைபோக்கி விசிறி ஓடுகிறது. விசிறி காற்றை வெளியே தள்ளினால் அந்த இடத்தை நிரப்ப வேறு வழியாகக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். பின் ஜன்னல் சாத்தியிருந்தது, திறந்திருந்த ஒரே வழி முன்பக்கப் பால்கனிக் கதவு. சுவரோரம் ஏறி வந்த புகை, விசிறி ஓடும்போது சட்டென்று மடங்கி ஹாலுக்குள் போனது. விசிறியை அணைக்கச் சொன்னேன், பெரும்பகுதி மேலே தாண்டிப் போனது. மறுபடி போடச் சொன்னேன், மறுபடி உள்ளே. கணவரின் கேலி அத்தோடு நின்றது, தம்பியையும் அழைத்துக் காட்டினேன்.

இதைக் கண்டுபிடித்ததில் ஒரு சங்கடமும் இருந்தது. ‘அப்படியானால் நீங்கள் விசிறி போடும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்’ என்று மேல்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. சமைப்பவர் அடுத்த வீட்டுச் சிகரெட்டுக்காகத் தன் கதவைச் சாத்த வேண்டும் என்பது என்ன நியாயம்? பின் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன், அதையும் யோசனையாகத்தான்.

தம்பி வேப்புக்கு மாறிக்கொள்கிறேன் என்றான். ஏற்கவில்லை. அதன் ஆவியும் அதே வழியாகத்தான் ஏறும், புகையிலை நாற்றத்துக்குப் பதில் மாம்பழ வாசனை, அவ்வளவுதான். பால்கனியில் மின்விசிறி வைத்துப் புகையை வெளியே தள்ளுகிறேன் என்றும் சொன்னான். அது அவன் முன்னால் இருக்கும் புகையைச் சிறிது தூரம் தள்ளும். காற்றே இல்லாத ராத்திரியில் அதைத் தாண்டி அது எங்கே போகும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

பேசி முடித்த பிறகு எழுத்தில் கொடுத்தேன். பேச்சு மட்டும் இருந்தால் நாளைக்கு ‘நீங்கள் அப்படிச் சொல்லவில்லை’ என்று இரண்டு பக்கமும் ஆரம்பிக்கும். உனக்கு உதவும் என்பதால் வாசகத்தை அப்படியே தருகிறேன்:

‘தம்பி, வணக்கம். இரவில் உங்கள் பால்கனியில் புகைக்கும்போது புகை மேல்வீட்டுக்குள் போகிறது. ஊதுவத்தி வைத்து நாம் இருவரும் பார்த்தோம். அங்கே இளைப்பு உள்ள பிள்ளை இருக்கிறது. வரும் 15-ஆம் தேதியிலிருந்து பால்கனியில் சிகரெட்டோ வேப்போ பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளும் வேண்டாம், அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வேலிக்கு வெளியே சாலையோரம் பிடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிரமம் இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.’

கவனித்தாயா? சிகரெட்டை விடு என்று எங்கும் சொல்லவில்லை. அது அவன் உடம்பு, அவன் அம்மா சொல்ல வேண்டியது. நான் பேசியது இடத்தைப் பற்றி மட்டும். பால்கனி கூடாது என்றதோடு எங்கே பிடிக்கலாம் என்றும் எழுதினேன். அந்த வரி இல்லாவிட்டால் பையன் குளியலறைக்குள் போய்ப் பிடிப்பான், அப்புறம் அந்த ஜன்னல் வழியாக வேறொரு வீட்டிலிருந்து புகார் வரும்.

மேல்வீட்டுக் கணவர் இதில் திருப்தி இல்லாமல், டெபாசிட்டில் பிடித்துக்கொள் என்றார், வெளியே அனுப்பு என்றும் சொன்னார். இரண்டுக்கும் ‘முடியாது’ என்றேன். டெபாசிட் வாடகைப் பாக்கிக்கும் சேதத்துக்கும்தான், புகாருக்கு அபராதமாக எடுத்தால் பையன் என்மேல் வழக்குப் போடலாம், போட்டால் ஜெயிப்பான். வெளியேற்றுவது இன்னும் பெரிய கதை. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் காலி செய்யாவிட்டால்கூட, 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் நீதிமன்றம் வழியாகத்தான் போகச் சொல்கிறது. பூட்டை மாற்றுவது, தண்ணீரை நிறுத்துவது எல்லாம் நம் ஊரில் சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலைகள். நீ அந்தப் பக்கமே போகாதே.

இப்போது நிலைமை எப்படி என்றால், முக்கால்வாசி நன்றாக இருக்கிறது. தம்பி கீழே இறங்கிப் போய் வேலிக்கு அப்பால் நின்று பிடிக்கிறான். மழை கொட்டும் ராத்திரிகளில் மட்டும் பழைய இடத்தில் நின்றிருக்கிறான். மேல்வீட்டு அம்மாவுக்கு அது தெரிந்துவிடுகிறது, எனக்கு ஒரு வரி அனுப்புவார், நான் அவனுக்கு ஒரு வரி அனுப்புவேன். சண்டையாக இல்லாமல் அறிவிப்பாகவே இருக்கிறது. ஒரு குடை வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளையின் இருமல் குறைந்திருப்பதாக அந்த அம்மா சொன்னார், ஆனால் இதனால்தானா, இல்லை புது மருந்தாலா என்று எனக்குத் தெரியாது.

உன் ஒப்பந்தத்தில் ‘வீட்டுக்குள் புகைக்கக் கூடாது’ என்று மட்டும் போடாதே. ‘வீட்டிலும் பால்கனியிலும், சிகரெட்டும் வேப்பும்’ என்று எழுது. கையெழுத்துப் போட வருபவனிடம் அந்த வரியை வாய்விட்டு வாசித்துக் காட்டு. அவன் புகைப்பவனாக இருந்தால் எங்கே போய்ப் பிடிப்பான் என்று அப்போதே கேட்டுவிடு. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்ட மறக்காதே. உன் கட்டடத்தின் துணை விதிகளின் நகலை நிர்வாக அலுவலகத்தில் கேட்டு வாங்கி அதோடு இணைத்துக் கொடு. முடிந்தால் மேல்மாடியில் யார் இருக்கிறார்கள், கைக்குழந்தை உண்டா என்று ஒரு தரம் விசாரித்து வை.

நீ வடக்கே வரும்போது ரயிலிலேயே வா, ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போகிறேன். படிவத்தையும் கையோடு கொண்டு வா, உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்