எல்ச்சேயில் ஒரு தூக்கணாங்குருவி

எல்ச்சே, ஸ்பெயின்
மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அங்கே அம்மா, மாமா, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? எனக்கு வேலையில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆம்பூரில் பார்த்த அதே ஷூ வேலைதான், இந்த ஊரும் ஷூவுக்குப் பேர்போன ஊர்தான். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு என்பதுதான் இன்னும் வயிற்றுக்குப் பழகவில்லை.

பாப்பாவின் பள்ளியில் கதை சொல்லப்போகிறேன் என்று எழுதியிருந்தேனே, அதை விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். டீச்சர் கேட்டால் எழுதாமல் முடியுமா?

ஏப்ரல் 23 இங்கே புத்தக நாள். அதையொட்டி, வெளியூரிலிருந்து வந்த பெற்றோர் தங்கள் ஊர்க் கதை ஒன்றை ‘ஃபாபுலா’வாக எழுதி வந்து வகுப்பில் வாசிக்க வேண்டும் என்றார்கள். ஒரு பக்கத்துக்குமேல் போகக் கூடாது. விலங்குகள் பேச வேண்டும். கடைசியில் தனி வரியில் ‘மொராலேஹா’, அதாவது நீதி, வர வேண்டும்.

முதலில் நினைவுக்கு வந்தது பாட்டி சுட்ட வடைதான். ஆனால் அது இங்கே செல்லாது. சமானியேகோ என்ற கவிஞர் ஒரு பள்ளியின் மாணவர்களுக்காக 1781-இல் வெளியிட்ட நீதிக்கதைப் பாட்டுகளில் காக்காவும் நரியும் இருக்கிறார்கள், வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி. பிள்ளைகளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. அதனால் ஆயா மழைக்காலத்தில் சொல்வாளே, தூக்கணாங்குருவியும் குரங்கும், அதை எடுத்துக்கொண்டேன்.

பாப்பாவின் ஆசிரியை நல்ல மாதிரி. எழுதியதை முன்கூட்டியே காட்டச் சொன்னார். தூக்கணாங்குருவி இந்த நாட்டில் கிடையாது. ஆற்றோர மரக்கிளையில் பஞ்சை வைத்துத் தொங்கும் பை மாதிரி கூடு கட்டும் சின்னக் குருவி ஒன்று இங்கே உண்டு, அதைப் போட்டுவிடலாமே என்றார். எனக்கு மனசில்லை. அந்தக் குருவியைப் போட்டால் குரங்குக்கு எங்கே போவது? ஜிப்ரால்டர் பாறையை விட்டால் இந்தப் பக்கம் காட்டுக் குரங்கே இல்லை. கதை இந்தியாவின் தெற்கிலேயே நடக்கட்டும், குருவிக்கு ‘தெஹெதோர்’, நெசவாளி, என்றே பெயர் இருக்கட்டும் என்றேன்.

கூட்டை எப்படி விளக்குவது என்று யோசித்தபோது இந்த ஊரே கைகொடுத்தது. எல்ச்சேயில் பேரீச்சந்தோப்பு ஏராளம். மரத்தின் உச்சி ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, வெயில் படாமல் மூடி வைத்து வளர்ப்பார்கள். பச்சை ஏறாமல் வெளுப்பாக வரும் அந்தக் குருத்தோலையைக் கீறி, பின்னி, குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துக்கு விதவிதமாகச் செய்வார்கள். ஆகவே, ‘குருவி ஓலையை நாராகக் கிழித்து, நம் ஊர் அம்மாக்கள் குருத்தோலை பின்னுவதுபோல் பின்னியது’ என்று எழுதினேன். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

‘முன்னொரு காலத்தில் ஒரு வேலமரத்தில் ஒரு நெசவாளிக் குருவி இருந்தது. அதன் கூடு கிளையில் தொங்கியது, வாசல் கீழே இருந்தது. உள்ளே களிமண்ணில் ஒரு மின்மினி ஒட்டியிருந்தது, அதுதான் விளக்கு. ஒரு நாள் இரவு பெருமழை. அதே மரத்தில் ஒரு குரங்கு நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. குருவி தலையை நீட்டியது. “உனக்கு மனிதனைப்போல் இரண்டு கை இருக்கிறது. எனக்கு இந்த அலகு மட்டும்தான். வெயில் காலத்தில் நீ ஏன் வீடு கட்டவில்லை?” குரங்கு பேசவில்லை. குருவி மறுபடியும் சொன்னது, மூன்றாம் முறையும் சொன்னது. “வீடு கட்டத் தெரியாது. பிய்க்கத் தெரியும்” என்றது குரங்கு. ஒரே தாவல். கூடு நார்நாராய்ப் போனது. மழை விடவில்லை. இரண்டும் நனைந்தன.’

இதில் ஆசிரியை திருத்தியது வினைச்சொற்களைத்தான். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு விதமாக வரும். மழை பெய்துகொண்டிருந்தது, குரங்கு நடுங்கிக்கொண்டிருந்தது என்று பின்னணியாக நீள்வதற்கு ஒன்று. தலையை நீட்டியது, தாவியது, பிய்த்தது என்று நடந்து முடிவதற்கு வேறொன்று. நான் எல்லாவற்றையும் இரண்டாவதிலேயே எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் குரங்கு ஒரே ஒரு தடவை நடுங்கிவிட்டு நிறுத்தியதுபோல் ஆகிவிடுமாம். மழையையும் நடுக்கத்தையும் முதல் வகைக்கு மாற்றியதும் அந்தத் தாவல் தனியாகத் துள்ளி நின்றது.

உண்மையான தகராறு மொராலேஹாவில்தான் வந்தது. விவேக சிந்தாமணிப் பாட்டு நினைவிருக்கிறதா? ஈனருக்கு நல்லது சொன்னால் இடர்தான் என்று முடியும். அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை படித்துவிட்டு, “குளிரில் நடுங்குகிறவனை ஈனன் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? கூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பேசிய குருவியின் மேல் தப்பே இல்லையா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்காக, ‘நடுங்குகிறவனுக்கு முதலில் இடம் கொடு’ என்று நீதியைத் திருப்பவும் நான் தயாரில்லை. அந்தக் கூட்டில் குரங்கு எப்படி நுழையும்? அது ஆயா சொன்ன கதையும் இல்லை. மூன்று முறை கேட்காமலே சொன்னதுதான் கதையில் குருவி செய்த காரியம். நீதி அதிலிருந்துதான் வர வேண்டும். கடைசியில் எதுகைபோல் முடியும் இரண்டு வரி அமைந்தது:

ஆ கியென் கொன்செஹோ நோ ஆ பெதீதோ,
நோ செ லோ தேஸ் தெஸ்தே து நீதோ.

யோசனை கேட்காதவனுக்கு உன் கூட்டிலிருந்தபடி யோசனை சொல்லாதே என்று பொருள். இரண்டு வரியிலும் ஒன்பது அசை வருகிறது என்று ஆசிரியை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ‘கூட்டிலிருந்தபடி’ என்பதில் அவர் கட்சியும் கொஞ்சம் இருக்கிறது, கூடு போனதும் இருக்கிறது. விவேக சிந்தாமணிக்காரர் ஒப்புக்கொள்வாரோ என்னவோ!

வாசித்து முடித்ததும் ஆசிரியை ஒன்று சொன்னார். இந்தக் கதையின் ஒன்றுவிட்ட அண்ணன் ஸ்பெயினுக்கு 1251-லேயே வந்துவிட்டதாம். பஞ்சதந்திரம் பழைய பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து அரபிக்குப் போய், அரபியிலிருந்து ‘கலீலா எ திம்னா’ என்ற பெயரில் காஸ்தீலிய மொழிக்கு, அதாவது ஸ்பானிஷுக்கு, வந்த வருஷம் அது. மொழிபெயர்க்கச் சொன்னவர் அல்ஃபோன்சோ, பிறகு அரசரானவர். அதில் குளிரில் வாடும் குரங்குகள் மின்மினியை நெருப்பென்று நினைத்து விறகை அடுக்கி ஊதும். “அது நெருப்பில்லை” என்று ஒரு பறவை விடாமல் சொல்லும். சொல்லிப் பயனில்லை என்று ஒரு மனிதன் தடுத்தும் கேட்காமல் கிட்டப் போய்க் குரங்கின் கையில் சாகும். நம் ஆயா கூட்டுக்குள் மின்மினியை வைத்தாள், அங்கே மின்மினி குரங்கின் முன்னால் பறக்கிறது. எனக்கு ஆயாவின் கதைதான் ஒரு படி மேல். கூடு போகிறது, உயிர் போகவில்லை. பிள்ளைகளுக்கு அது போதும்.

பிள்ளைகளில் பாதிப் பேர் குரங்கின் பக்கம். ஒரு பையன், விடிந்ததும் குருவி மறுபடி கூடு கட்டுமா என்று கேட்டான். கட்டும், ஆண் குருவி பாதி கட்டி நிறுத்தும், பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் ஆண் மீதியை முடிக்கும் என்றேன். அதற்குத்தான் வகுப்பே சிரித்தது.

அடுத்த வருஷமும் ஒரு கதை வேண்டும் என்கிறார்கள். குரங்கு வேண்டாம், நரி வேண்டாம், அவை இவர்களிடமே நிறைய இருக்கின்றன. அந்த ஓணான் கதையை ஆயா எப்படி முடிப்பாள்? எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. உன் வகுப்பில் எந்தக் கதைக்குப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள் என்பதையும் எழுது. அம்மாவின் முழங்கால் வலிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தம்பி