ஆறாத ஆறுதல்

பலெர்மோ, இத்தாலி
14 நவம்பர் 2024, வியாழன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். நீ எப்படி என்று கேட்கத் தேவையில்லை, உன் குரல் பதிவிலேயே தெரிந்தது. இதைத் தாளில் எழுதிப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தபாலை நம்பினால் அம்மாவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகுதான் உன் கைக்கு வரும்.

வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் எனக்கு லீவு. வயதானவர்களைப் பார்க்க வீட்டோடு தங்கி வேலை செய்கிற பலருக்கும் இங்கே அதுதான் வழக்கம். வழக்கமாக இந்த நேரத்தில் பல்லாரோ சந்தைக்குப் போய் நம்மவர் யாரையாவது கண்டு கதைத்துவிட்டு வருவேன். இன்றைக்குப் போகவில்லை. அம்மாவின் நினைவாக அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்குப் 'பிள்ளைகள் புலம்பல்' எழுதித் தா என்று நீ கேட்டு ஒரு கிழமையாகிறது. திதி வெண்பாவைப் பெரியப்பா பார்த்துக்கொள்வார். புலம்பல்தான் என் கையில் நிற்கிறது, வர மாட்டேன் என்று.

ஏன் வரவில்லை என்று உனக்குத்தான் சொல்ல முடியும். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த இரவு நீ அனுப்பிய பதிவை நான் பலமுறை கேட்டுவிட்டேன். "அக்கா, ஆறு வருசத்துக்குப் பிறகு விடியும்வரை நித்திரை கொண்டேன். எழும்பினதும் எனக்கே என்னைப் பிடிக்கேல்லை." நீ அழுதுகொண்டு சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் நானும் அன்றைக்கு வடிவாக நித்திரை கொண்டிருந்தேன்.

2018இல் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்ததிலிருந்து என் போன் தலையணைக்குக் கீழேதான் கிடந்தது. அங்கே காலை ஐந்து மணிக்கு அம்மா எழும்புவா. ஏதாவது பிழையென்றால் நீ எடுக்கிற நேரம் அது. இங்கே மாரியில் அது நடுச்சாமம் பன்னிரண்டரை, கோடையில் ஒன்றரை. அந்த நேரம் வந்தால் போன் அடிக்காவிட்டாலும் எனக்கு முழிப்பு வந்துவிடும். இப்போது போன் மேசையில் கிடக்கிறது. இனி அந்த நேரத்தில் அது அடிக்காது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! அது ஏன் அடிக்காது என்று நினைத்தால் அந்த நிம்மதியைத் தொடவே கூசுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுநாளே எரித்துவிட்டீர்கள். டிக்கெட் கிடைத்திருந்தாலும் நான் வந்து சேர்ந்திருக்க முடியாது. வர முடியாமல் போனதற்காக அழுதேன். வர வேண்டியிருக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் மூச்சும் விட்டேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். இதை வேறு யாருக்கும் சொல்லிவிடாதே.

சரி, இதை எப்படிப் புலம்பலாக எழுதுவது?

முதலில் எழுதியது இது: 'அம்மா போனது துயரம்தான், ஆனால் வேதனை தீர்ந்து ஓய்ந்தா.' எல்லாக் கல்வெட்டிலும் இருக்கிற வரிதான். வாசித்துப் பார்த்தால் துயரம் பேருக்கு நிற்கிறது, 'ஆனால்' வந்ததும் அது கழுவுப்பட்டுப் போகிறது. திருப்பிப் போட்டேன்: 'வேதனை தீர்ந்து ஓய்ந்தா, ஆனால் எங்களுக்குத் துயரம்.' இப்போது ஓய்வு பொய்யாகிவிட்டது. 'ஆனால்' தராசு மாதிரி, பின்னுக்கு வைத்த தட்டுத்தான் எப்போதும் தாழும். எனக்கு இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் தாழ வேண்டும். 'உம்' போட்டு 'நிம்மதியும் குற்ற உணர்வும்' என்றும் எழுதிப் பார்த்தேன். அது கடைச் சாமான் பட்டியல் போல இருந்தது, அரிசியும் பருப்பும் என்கிற மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்றையொன்று தொடவில்லை.

பிறகுதான் முரண் சொற்களைச் சேர்த்துப் பார்த்தேன். நீ பிள்ளைகளுக்கு முரண்தொடை படிப்பிக்கிறாய். இது அது அல்ல. இருளும் ஒளியும் ஒரு பாட்டில் எதிரெதிரே வந்தால் முரண்தொடை, ஆனால் அங்கே இருள் ஒன்றின் மேலும் ஒளி இன்னொன்றின் மேலும் இருக்கலாம். எனக்கு வேண்டியது ஒரே பொருளின் மேல் இரண்டும் இருப்பது. 'இனிய வேதனை', 'மௌன மொழி' என்று கைக்கு முதலில் வந்தவை எல்லாம் தேய்ந்த காசு. ஒருகாலத்தில் அந்தச் சொற்கள் மோதியிருக்கும், இப்போது ஒன்றோடொன்று பழகிவிட்டன. வாசிக்கிறவர் நிற்காமல் தாண்டிப் போவார்.

நடுவில் ஒரு சமையல் கதை. நான் பார்க்கிற சிஞ்ஞோராவுக்கு 88 வயது. நடக்க முடியாது, வாய் மட்டும் நன்றாக நடக்கும். போன கிழமை கட்டிலில் இருந்தபடியே எனக்குக் கப்பொனாத்தா செய்யச் சொல்லித் தந்தா. பொரித்த கத்தரிக்காய், செலரித் தண்டு, ஒலிவ் காய், கேப்பர், தக்காளி. கடைசியில் வினாகிரியும் சீனியும். நான் சட்டியில் முதலில் சீனியைப் போட்டேன், கொஞ்ச நேரம் கழித்து வினாகிரியை ஊற்றினேன். ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தா. இரண்டையும் ஒரு கோப்பையில் கரைத்து ஒன்றாக ஊற்ற வேண்டுமாம், ஆறவிட்டு மறுநாள் சாப்பிட வேண்டுமாம். அந்தச் சுவைக்கு இவர்கள் சொல்வது 'அக்ரோதோல்சே'. புளிப்பு, இனிப்பு என்ற இரண்டு சொல்லையும் ஒட்டி ஒரே சொல்லாக்கியிருக்கிறார்கள். இடையில் 'ஆனால்' இல்லை, 'உம்' இல்லை.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போது எனக்குச் சொல் கிடைத்தது: 'ஆறாத ஆறுதல்'.

இரண்டும் ஒரே வேர். புண்ணும் ஆறும், சோறும் ஆறும், மனமும் ஆறும். ஆறுவதற்கென்றே உள்ள ஆறுதல், தானே ஆறாமல் கிடக்கிறது. தமிழில் ஒரு சிக்கல் உண்டு, கவனித்தாயா? இப்படி இரண்டு சொல் சேர்ந்தால் பின்னால் நிற்பதுதான் பொருள், முன்னால் நிற்பது அதன் நிறம். 'குற்றமுள்ள நிம்மதி' என்றால் கையில் இருப்பது நிம்மதி. 'நிம்மதியான குற்ற உணர்வு' என்றால் கையில் இருப்பது குற்ற உணர்வு. ஆகவே எதைப் பின்னால் வைக்கிறேனோ அதை ஒப்புக்கொள்கிறேன் என்றுதான் பொருள். எனக்கு ஆறுதல்தான் உண்மை. அது ஆறாமல் இருப்பதும் உண்மை. தூரத்தில் இருந்தவள் அப்படிச் சொல்லலாம்.

உனக்கு அது பொருந்தாது. ஆறு வருசம் தூக்கியவள் நீ. நான் காசு மட்டும் அனுப்பினேன். யோசித்துப் பார், இங்கே ஒரு தாயைக் குளிப்பாட்டி வாங்கிய சம்பளத்தில்தான் அங்கே எங்கள் தாயைக் குளிப்பாட்ட உனக்குத் துணைக்கு ஓர் ஆள் வந்தா. அம்மாவை விட்டுப் போனதால்தான் அம்மாவுக்கு நான் பயன்பட்டேன். இது சொல்விளையாட்டு இல்லை, ஒவ்வொரு மாதமும் ரசீதோடு நடந்தது.

உனக்கு இரண்டு சொல் போதாது, ஒரு முழு வசனம் வேண்டும் என்று நினைத்தபோது நீ மனனம் செய்யச் சொல்லித் தந்த குறள் ஒன்று வந்தது.

நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும்
தீயாண்டுப் பெற்றாள் இவள்.

விலகினால் சுடுகிறது, கிட்டப் போனால் குளிர்கிறது, இப்படி ஒரு தீயை இவள் எங்கே பெற்றாள் என்று காதலன் கேட்கிறான். 'குளிர்ந்த தீ' என்று வெறுமனே சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும், நம்பியிருக்க மாட்டோம். எப்போது சுடும், எப்போது குளிரும் என்று நிலைமையைச் சொன்னதால் நம்புகிறோம். உலகத்துத் தீக்கு நேர் தலைகீழ், ஆனாலும் பிரிந்திருந்தவன் எவனும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டான். காரணத்தைக் காட்டிவிட்டால் முரண் முரணாகவே நிற்கும், புதிராக நிற்காது.

அம்மா விஷயத்தில் அந்தக் குறள் எனக்குப் பாதிதான் சரி. விலகினால் சுட்டது உண்மை. 2019இல் வந்து நின்றபோது பத்தாம் நாளே நான் திரும்பும் நாளை எண்ணத் தொடங்கியது உனக்குத் தெரியும். கிட்டப் போனாலும் சுட்டது. அதனால் அதை எங்கள் புலம்பலுக்குள் இழுக்கவில்லை. பொருந்தாத முரணை அழகுக்காகப் போட்டால் அது பொய்ச்சாட்சி. நிலைமையைச் சொல்லும் அந்த வழியை மட்டும் எடுத்துக்கொண்டேன். உன் பதிவின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னாயே, அந்த ஒரு நாளுக்குப் பிறகு திரும்பவும் ஐந்து மணிக்கே முழிப்பு வருகிறது என்று. அதிலிருந்து இது வந்தது:

ஐந்து மணிக்கு எழுப்ப யாருமில்லை, அம்மா,
ஐந்து மணிக்கே எழும்புகிறோம்.
இறக்கி வைத்த பின்னும் கைகள்
ஏந்தியபடி இருக்கின்றன.

இதில் துயரம் என்ற சொல் இல்லை, நிம்மதி என்ற சொல்லும் இல்லை. 'எழுப்ப யாருமில்லை' என்பதை விடுதலை என்றும் வாசிக்கலாம், வெறுமை என்றும் வாசிக்கலாம். நீ எப்படி வாசித்தாலும் மற்றது கூடவே வரும். 'எழும்புகிறோம்' என்று என்னையும் சேர்த்துக்கொண்டேன், பன்னிரண்டரைக்கு முழிக்கிறவளும் அதே ஐந்து மணிக்குத்தான் முழிக்கிறாள்.

'ஆறாத ஆறுதல்' கல்வெட்டுக்கு வேண்டாம். சபையில் அதை வாசித்தால் பாதிப் பேர் 'ஆறாத' என்பதை மட்டும் கேட்டு உச்சுக் கொட்டுவார்கள், மற்றப் பாதி 'ஆறுதல்' என்பதை மட்டும் கேட்டு, பார்த்தாயா வெளிநாட்டுக்காரிக்கு நிம்மதியாம் என்பார்கள். இரண்டையும் ஒன்றாகக் கேட்க ஆறு வருசம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அது உனக்கு மட்டும்.

அட்டைக்கு அம்மா கிணற்றடியில் நிற்கிற படத்தைப் போடு, ஸ்டூடியோப் படம் வேண்டாம். அந்தப் படத்தில் அவாவுக்குக் கோபமும் இருக்கிறது, சிரிப்பும் வரப் பார்க்கிறது.

கீரிமலையில் செய்கிற அந்தியேட்டிச் செலவுக்கு நாளைக்குக் காசு போடுகிறேன். இன்னொன்று, அச்சுக்குப் போக முன்னம் பெரியப்பா எல்லாவற்றையும் ஒருதரம் திருத்துவார். முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் 'ஆனாலும்' ஒன்றைக் கட்டாயம் செருகப் பார்ப்பார். பக்கத்திலேயே நின்று தடுத்துவிடு.

அன்புடன்,
அக்கா