மூன்றாம் தேதியா, எட்டாம் தேதியா? என் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

கிளை மேலாளர் அவர்களுக்கும், புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி அவர்களுக்கும்,

வணக்கம். குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கு வாடிக்கையாளர் எழுதுகிறேன். என் டெபிட் கார்டில் நடந்த மோசடி பற்றிய புகாருக்கு நீங்கள் தந்த பதில் எனக்கு மட்டும் ஆனதாகத் தெரியவில்லை. இதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் நாளை இதே பதில் வரலாம். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

டிசம்பர் 3, புதன்கிழமை அதிகாலை 1.40-க்கு என் டெபிட் கார்டில் 489 டாலர் போனதாக எஸ்எம்எஸ் வந்தது. கேள்விப்படாத ஏதோ ஒரு வெளிநாட்டு இணையதளத்தின் பெயர் அதில் இருந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை. உடனே உங்கள் 24 மணி நேர எண்ணில் அழைத்து, இது நான் செய்ததல்ல என்று சொல்லி கார்டை முடக்கச் சொன்னேன். 1.52-க்கு முடக்கியாயிற்று என்று எஸ்எம்எஸ் வந்தது, குறிப்பு எண்ணோடு. அப்புறம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன்.

அன்று கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை. ஆனால் கலெக்டர் அறிவிக்கும் இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்பதால் வங்கி திறந்திருக்கும். காலையில் கிளைக்கு வந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி கணினியைப் பார்த்துவிட்டு, "தொகை இன்னும் பெண்டிங்லதான் இருக்கு சார், செட்டில் ஆன பிறகு வந்து டிஸ்பியூட் ஃபார்ம் குடுங்க" என்றார். சனிக்கிழமை, 6-ஆம் தேதி செட்டில் ஆனது. பிடித்து வைத்திருந்த 43,200 ரூபாயோடு நாணய மாற்றக் கட்டணம் 1,512, அதன் மேல் ஜிஎஸ்டி 272 என்று மொத்தம் 44,984 ரூபாய் கணக்கிலிருந்து போனது. திங்கட்கிழமை, 8-ஆம் தேதி படிவத்தைக் கொடுத்தேன்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். "புகார் 8-ஆம் தேதி பெறப்பட்டது. மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கப்படாததால் 10,000 ரூபாய் வரை வாடிக்கையாளர் பொறுப்பு. மீதித் தொகை குறித்து வணிகரிடமிருந்து பதில் வந்த பின் முடிவு செய்யப்படும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் கணக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் வந்தது. தவறு வங்கியிலும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணி மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு நாட்களுக்குள் சொன்னால், என்னைப் போன்ற சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சப் பொறுப்பு 10,000. எனக்கு அந்த மூன்று நாட்கள் 4, 5, 6. எட்டாம் தேதி நான்காவது நாள். படிவத்தின் தேதியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் எண்ணிக்கை சரிதான். ஆனால் விதி கேட்பது வங்கிக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது என்பதை. படிவம் எப்போது வந்தது என்பதை அல்ல. தொலைபேசி உட்படப் பல வழிகளில் 24 மணி நேரமும் புகாரை வாங்க வேண்டும், வாங்கிய நேரத்தைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கை உங்களுக்குச் சொல்கிறது. மோசடி என்று நான் சொன்னதால்தானே கார்டு முடங்கியது? அப்படியிருக்க, பன்னிரண்டு நிமிடத்தில் வந்த புகாரை ஐந்து நாள் கழித்து வந்ததாக எழுத எப்படி மனம் வருகிறது?

செட்டில் ஆகட்டும் என்று காத்திருக்கச் சொன்னதும் உங்கள் கிளைதான். வணிகரிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் கோர, தொகை செட்டில் ஆகியிருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. அது உங்களுக்கும் கார்டு நெட்வொர்க்குக்கும் இடையிலான வேலை. என் புகார் தேதியை அதற்காகத் தள்ளிப்போட முடியாது. அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அடுத்தது தற்காலிக வரவு. புகார் தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் தொகையை நிழல் வரவாகக் கணக்கில் வைக்க வேண்டும், அதுவும் பணம் போன தேதியையே மதிப்பு தேதியாகக் கொண்டு. டிசம்பர் 3-இலிருந்து எண்ணினால், இரண்டாம் சனியையும் ஞாயிறுகளையும் கழித்து, 16-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் எட்டாம் தேதியையே ஒத்துக்கொண்டாலும் 20-ஆம் தேதி முடிந்தது. இன்று 22. வணிகரின் பதிலுக்காகக் காத்திருக்க அந்த விதியில் இடமில்லை. விசாரணை முடியும் வரை எடுக்க முடியாதபடி லியன் போட்டு வைப்பது பல வங்கிகளில் வழக்கம் என்று அறிவேன். அப்படியாவது வையுங்கள், வட்டியாவது நிற்காது. ரப்பர் பால் வெட்டுகிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டிய, ரப்பர் ஷீட் விற்ற காசு அது. அதை நான் வேறு வழியில் சமாளித்துக்கொள்கிறேன்.

விசாரணை என்று எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. உங்கள் பதிலின் கடைசி வரியில் "ஓடிபி பகிரப்பட்டிருக்க வாய்ப்புள்ளது" என்று போகிறபோக்கில் ஒரு சந்தேகம் இருக்கிறது. வாடிக்கையாளரின் தவறை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது, வாய்ப்புள்ளது என்று எழுதினால் போதாது. இந்தியாவுக்குள் நடக்கும் இணையப் பரிவர்த்தனைக்குத்தான் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பல கார்டு எண், காலாவதி மாதம், சிவிவி மட்டும் வைத்தே பணத்தை எடுத்துவிடும். இந்தப் பரிவர்த்தனை ஓடிபியோடு நடந்ததா என்பது உங்கள் சர்வரிலேயே தெரியும். அங்கீகாரப் பதிவில் இசிஐ என்று ஒரு குறியீடு இருக்கும். விசா கார்டில் 05 என்றால் முழுச் சரிபார்ப்பு நடந்தது, 07 என்றால் நடக்கவில்லை. என்னுடையது விசா. அந்த ஒரு எண்ணைச் சொன்னால் ஓடிபி பேச்சு அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுப்படி, புதிதாகவோ மாற்றியோ தரும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்த நிலையில்தான் வர வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும். சென்ற ஆண்டு பழையது காலாவதியாகி நீங்கள் அனுப்பிய கார்டு இது. குலசேகரம் ஏடிஎம்மையும் மார்த்தாண்டத்துக் கடைகளையும் தாண்டி அது எங்கும் போனதில்லை. வெளிநாட்டு வசதியை நான் திறக்கவில்லை. யார், எந்தத் தேதியில், ஆப் வழியாகவா கிளை வழியாகவா திறந்தார்கள் என்ற பதிவை எனக்குத் தாருங்கள். வங்கியே திறந்து வைத்து அனுப்பியிருந்தால் அது வங்கியின் குறைபாடு. அப்போது மூன்று நாள் கணக்கே எழாது, எப்போது சொன்னேன் என்பதைப் பார்க்காமலே முழுத் தொகையும் திரும்ப வேண்டும்.

ஆகவே, புகார் தேதியை டிசம்பர் 3 என்று திருத்துங்கள். கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்த 44,984 ரூபாயை அதே தேதியிட்டு தற்காலிக வரவு வையுங்கள். மேலே கேட்ட இரண்டு பதிவுகளையும் எழுத்தில் தாருங்கள். புகாரைத் தீர்க்க அந்தச் சுற்றறிக்கை உங்களுக்குத் தரும் 90 நாள் கெடு மார்ச் 3-இல் முடிகிறது, அதற்குள் இறுதி முடிவு வேண்டும்.

நீங்கள் ஏற்கெனவே ஒரு பதில் தந்துவிட்டதால், அதில் திருப்தியில்லை என்று ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இப்போதே cms.rbi.org.in வழியாகப் போகலாம். இந்த வாரம் வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்குப் பிறகு பதிவு செய்துவிடுவேன். முடக்கியதற்கான எஸ்எம்எஸ், 1930 ஒப்புகை எண், படிவத்தின் நகல், உங்கள் பதில் எல்லாம் கிளையில் தந்த கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கிளையின் சேமிப்புக் கணக்கு வாடிக்கையாளர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்
டிசம்பர் 22