புதுமனை புகுவிழா பத்திரிகைக்கு எந்த வரி? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பின பத்திரிகை மாடல் பாத்தேன். பிரஸ்ல எல்லாருக்கும் போடற அதே "செல்வம் பெருகி லட்சுமி கடாட்சம் நிறைய" வரியத்தான் உனக்கும் போட்டிருக்காங்க. அது வேணாம், வந்தவங்க மனசார உக்காந்து சாப்பிட்டுப் போற வீடுன்னு தெரியற மாதிரி ஒரு குறள் வேணும்னு கேட்டல்ல, எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

விருந்தோம்பல் அதிகாரத்துல பத்து குறள் இருக்கு, ஆனா பத்துமே பத்திரிகைக்கு ஒத்து வராது. நீ புடிச்சிருக்குன்னு சொன்ன "அகனமர்ந்து செய்யாள் உறையும்" 84வது குறள். முகம் மலர்ந்து விருந்தாளிய கவனிக்கிறவன் வீட்டுல திருமகள் மனசு மகிழ்ந்து தங்குவான்னு அர்த்தம், அழகுதான், ஆனா கடைசில அதுவும் லட்சுமிகிட்டயே வந்து நிக்குது பாரு, நீ எத வேணாம்னியோ அதே விஷயம். "செல்விருந்து ஓம்பி" அதவிட நெருக்கமா இருக்கும், வந்தவங்கள கவனிச்சு அனுப்பிட்டு அடுத்து யாரு வர்றாங்கன்னு வாசலப் பாத்துட்டு நிக்கிற ஆளு கண்ணுக்கே தெரியறான். ஆனா ரெண்டாவது அடி அவன் வானத்துல இருக்கவங்களுக்கு விருந்தாளி ஆவான்னு முடியுது, உரையில மறுபிறவின்னு விளக்கம் சொல்வாங்க, சுபகாரியத்துல நம்ம பெரியப்பா மாதிரி ஆளுங்க அத படிச்சா முகம் சுருங்கிடும். அனிச்சம் குறளும் வேணாம், அது வாடிப்போறதப் பத்தி பேசுது.

நான் சொல்றது அதிகாரத்தோட முதல் குறள், 81.

இருந்தோம்பி இல்வாழ்வ தெல்லாம் விருந்தோம்பி
வேளாண்மை செய்தற் பொருட்டு

இதுல பலன்னு எதுவும் வாக்கு குடுக்கல, வீடு எதுக்குன்னு மட்டும்தான் சொல்லுது. ஆனா வேளாண்மைன்னதும் பாதி பேரு விவசாயம்னு நெனச்சுப்பாங்க, இங்க அது உதவி செய்றது, அதனால கீழ சின்ன எழுத்துல சாதாரண தமிழ்ல "வீடுன்னு ஒண்ணு இருந்து வாழறதே வர்றவங்கள உபசரிச்சு உதவத்தான்"னு போட்டுடு. மேல நாலு சீர், கீழ மூணு சீர், டிடிபி பண்றவர் இடம் பத்தலன்னு "விருந்தோம்பி"ய கீழ தள்ளிடுவாரு, எழுத்து சைஸக் குறைக்கச் சொல்லு, அடிய மட்டும் ஒடைக்க விடாத.

இன்னொண்ணு, அட்டையில வீட்டோட எலிவேஷன் படம் பெருசா போட்டிருக்கியே, அத எடுத்துடு. குறள் ஒண்ணு சொல்ல படம் இன்னொண்ணு சொல்லும், ஜனங்க படத்தத்தான் பாப்பாங்க. அந்த எடத்துல கொத்தனார், சித்தாள், ஆசாரி எல்லாரும் குடும்பத்தோட சாப்பிட வரணும்னு ஒரு வரி போடு, அவங்களுக்கும் பத்திரிகை நேர்ல குடு.

ப்ரூஃப் வந்ததும் அனுப்பு, ஒற்றெழுத்து எல்லாம் நான் பாத்துத் தரேன்.

அன்புடன்,
அக்கா