கார்த்திக்கு, அந்த ஐந்தாவது பாட்டைப் பற்றி

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. பழைய சந்தையில் வாங்கிய ஷூபர்ட் இசைத்தட்டின் உறை, அதன் உள்பக்கத்தில் அச்சான ‘குளிர்காலப் பயணம்’ பாடல்கள், படத்துக்குக் கீழே ஐந்தாவது பாட்டான ‘லிண்டன் மரம்’ என்பதற்கு நீயே வரிக்கு வரி எழுதிய தமிழ் அர்த்தம். அப்புறம் "அம்மா, சரியா?" என்று ஒரு வரி. இத்தனை நாள் பேச்சே இல்லாமல் இருந்துவிட்டு இதை அனுப்பியிருக்கிறாய். அப்போது லைப்சிக்கில் அதிகாலை மூன்று மணி. நேரத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், உன் ஜெர்மன் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆபீஸ் வேலைக்காகப் படித்த மொழியில் 1820களின் கவிதையை எழுத்துக்கூட்டி முழுசாக முடித்திருக்கிறாய். ஆனால் அகராதியில் நடுவே ஆங்கிலம் புகுந்துவிட்டது. லிண்டன் மரத்தைப் பிரிட்டிஷ்காரர்கள் ‘லைம்’ என்பார்கள், அதைப் பார்த்து நீ எலுமிச்சை மரம் என்று எழுதிவிட்டாய். அது எலுமிச்சை இல்லையப்பா. நம் ஊர் எல்லையில் அரசமரம் எப்படியோ அப்படி அங்கே லிண்டன். அதன் அடியில்தான் ஊர் கூடும், ஆடிப்பாடும், பஞ்சாயத்தும் நடக்கும். நீ இருக்கும் ஊரின் பெயரே அந்த மரத்திலிருந்து வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். முதல் வரியில் வரும் ‘தோர்’ வீட்டு வாசலும் இல்லை, அது பழைய நகரத்தின் கோட்டை வாசல். அதற்கு வெளியே கிணறு, கிணற்றடியில் மரம். பாட்டைப் பாடுகிறவன் ஊரைவிட்டே போகிறான் என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

மிஷின் கையேடுகளை மொழிபெயர்த்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அந்த வேலையில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் நின்றாக வேண்டும். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் கற்பனைக்கு இடமில்லை. அதே பழக்கத்தோடு இந்தப் பாட்டுக்குள் போனால், "இருட்டில் கூடக் கண்ணை மூடிக்கொண்டேன்" என்ற வரி அசட்டுத்தனமாகத் தெரியும். நீயும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். இருட்டில் எதற்குக் கண்ணை மூட வேண்டும்? அந்த மரத்தின் பட்டையில்தான் அவன் பிரியமான சொற்களைச் செதுக்கி வைத்திருந்தான். அது எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். இருட்டு மறைத்தது போதாமல் தானும் மறைத்துக்கொள்கிறான். இது அகராதியில் இருக்காது. அவன் யார், எதை விட்டுப் போகிறான் என்பதோடு சேர்த்துப் படித்தால்தான் வரும்.

மரத்தின் சலசலப்பை நீ "இலைகள் சலசலத்தன" என்று எழுதியிருக்கிறாய். கவிஞர் வில்ஹெல்ம் ம்யூலர் அங்கே கிளைகள் என்றுதான் எழுதியிருக்கிறார். குளிர்காலம், லிண்டன் மொட்டையாக நிற்கும். அந்த மொட்டைக் கிளைகள்தான் அவனை அழைக்கின்றன: "என்னிடம் வா தோழா, இங்கே உனக்கு ஓய்வு கிடைக்கும்." நீ ‘அமைதி’ என்று போட்டிருப்பது சொல்லுக்குச் சரி. ஆனால் நடுராத்திரியில், அந்தப் பனியில், ஒரு மரத்தடியில் படுத்து ஓய்வெடுப்பது என்றால் என்னவென்று நினைத்துப் பார். அந்த ஓய்வு எது என்று நான் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். சின்ன மாமாவும் கடைசியில் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாப்பிடுகிறாயா? சமைக்க முடியாவிட்டால் ஒரு கிண்ணம் தயிர்ச்சாதமாவது பிசைந்து சாப்பிடு.

இப்போது கடைசி வரிக்கு வருகிறேன். இதற்காகத்தான் உட்கார்ந்தேன். "நீ அங்கே அமைதி கண்டாய்" என்று முடித்திருக்கிறாய். ஃபிளாஷ் போட்டு எடுத்த படம், பளபளப்பான அட்டை, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறது. ‘ஃபேண்டெஸ்ட்’ என்ற சொல்லில் ‘a’ எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளி இருக்க வேண்டும். படத்தில் அது அழிந்துபோயிருக்கிறது. நீ அட்டையைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து எழுதினாய் போல. புள்ளி இல்லாவிட்டால் அது நடந்து முடிந்த செய்தி: அவன் அங்கே போய் ஓய்வைக் கண்டுவிட்டான், கதை முடிந்தது. புள்ளியோடு படித்தால், "அங்கே போனால் உனக்கு ஓய்வு கிடைக்குமே." போகாதவனிடம்தான் அப்படிச் சொல்ல முடியும். மரம் அழைத்தபோது ‘இங்கே’ என்று இருந்தது கடைசியில் ‘அங்கே’ என்று மாறியிருப்பதையும் கவனி. பல மணி நேர நடைத் தொலைவுக்கு வந்துவிட்டான். சலசலப்பு இன்னும் காதில் கேட்கிறது, ஆனால் அவன் அங்கே இல்லை.

எப்படித் தப்பினான் என்பது நீ இரண்டே வரியில் கடந்துபோன இடத்தில் இருக்கிறது. குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது, தொப்பி பறந்துபோகிறது, "நான் திரும்பவில்லை." அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அந்தக் குளிரில் தொப்பியை யாராவது விட்டுவிட்டுப் போவார்களா? எடுக்கத் திரும்பினால் மரத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் போய்விடுவான். அதனால் தொப்பி போனால் போகட்டும் என்று நடக்கிறான்.

தட்டைப் போட்டு அந்த இடத்தைக் கேள். தொடக்கத்தில் பியானோ மும்மூன்று சுரமாக மெதுவாகச் சலசலக்கும். அதே சலசலப்புதான் இந்த இடத்தில் புயலாக மாறி அடிக்கும், பாடகரும் பழைய மெட்டை விட்டுவிடுவார். ஷூபர்ட் 1827இல் இதற்கு மெட்டமைத்தார். பின்னால் ஃப்ரீட்ரிஷ் சில்ஷர் ஆண்கள் சேர்ந்து பாடுவதற்காக அந்த மெட்டை எளிதாக்கி, எல்லாச் சரணத்துக்கும் அதையே வைத்துவிட்டார். ஜெர்மனியில் நிறையப் பேருக்குத் தெரிந்தது அதுதான். அதில் புயல் கிடையாது. சொல் ஒன்றும் பெரிதாக மாறவில்லை, ஆனால் கேட்டால் ஊர் ஞாபகத்தில் பாடும் சாந்தமான பாட்டாகத் தெரியும். உன் ஆபீஸில் யாராவது "நல்ல பாட்டு, தூங்கப்போகும்போது கேள்" என்று சொல்லியிருந்தால் அவர்கள் மனதில் இருப்பது அந்த வடிவம்.

உன்னிடம் இருப்பது ஷூபர்ட்டுடையது. மொத்தம் 24 பாட்டு. 21ஆவதில் அவன் ஒரு இடுகாட்டைச் சத்திரம் என்று நினைத்து இடம் கேட்கிறான், அங்கேயும் அறை காலி இல்லை, கைத்தடியை எடுத்துக்கொண்டு மறுபடி நடக்கிறான். ஐந்தாவதோடு நிறுத்தாதே. ராத்திரியில் கேட்காதே. பகலில் கேள், ஜன்னலைத் திறந்து வைத்துக் கேள்.

மற்ற பக்கங்களையும் அனுப்பு. ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அட்டையை வைத்து, நேர் மேலிருந்து எடு. புள்ளிகள் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்பு. மூன்று மணிக்கு வேண்டாம். மூன்று மணிக்குத்தான் முடியும் என்றால் அப்போதே கூப்பிடு, இங்கே விடிந்திருக்கும், எப்படியும் நான் விழித்துத்தான் இருப்பேன்.

ஒரு கடிதம் முழுக்க மரத்தைப் பற்றியே எழுதிவிட்டேன். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இந்த ஒரு பாட்டை மட்டும் ஏன் படமெடுத்து அனுப்பினாய் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை காலை நானே கூப்பிடுகிறேன். எடு, கண்ணா.

அம்மா