சேதுக்கரைதான் விடை, சிக்கல் இரண்டாம் குறிப்பில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சிறுவர் பகுதியில் வந்த ‘ஊரைக் கண்டுபிடி’ புதிரைப் பற்றி எழுதுகிறேன். நான் பாம்பனில் மளிகைக் கடை வைத்திருப்பவள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால், கடை வாசல் பெஞ்சில் ஆட்கள் குறைவதே இல்லை. இதழ் வந்ததும் முதலில் கேட்டு வாங்குவது இந்தப் பக்கத்தைத்தான். நம்ம கடற்கரை ஊர்களை வைத்தே புதிர் வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஒரு புதிரில் பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. அடுத்த இதழில் ‘விடை: சேதுக்கரை’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். விளக்கம் இல்லாததால் இன்னும் பாதிப் பேர் அது தவறான விடை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விடை சரிதான். அது எப்படிச் சரி, எங்கே குழப்பம் வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புதிரைப் பார்க்காத வாசகர்களுக்காகத் திரும்பவும் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு ஊர்கள்: தொண்டி, நம்புதாளை, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, கீழக்கரை, சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். குறிப்புகள் நான்கு. ஒன்று, ஊரின் பெயர் மெய்யெழுத்தில் முடியாது. இரண்டு, கடைசி எழுத்து நெடில். மூன்று, முதல் எழுத்து வல்லினம். நான்கு, பெயரில் இடையின எழுத்து ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒவ்வொரு குறிப்புக்கும் பொருந்தாத ஊர்களை அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்கும் ஊர்தான் விடை.

வரிசைப்படி போவோம். முதல் குறிப்பில் தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், வாலிநோக்கம், மூக்கையூர் ஆறும் போய்விடும். எல்லாமே ம், ன், ர் என்று புள்ளியில் முடிகின்றன. மிச்சம் ஆறு. இரண்டாம் குறிப்பில் தொண்டியும் ஏர்வாடியும் போகும், ஏனென்றால் ‘டி’ குறில். மிச்சம் நான்கு: நம்புதாளை, வேதாளை, கீழக்கரை, சேதுக்கரை. மூன்றாவதில் ந மெல்லினம், வே இடையினம் என்பதால் முதல் இரண்டும் போகும். நான்காவதில் கீழக்கரை போகும். அதில் ‘ழ’, ‘ரை’ என்று இரண்டு இடையினம் இருக்கிறது. சேதுக்கரையில் ‘ரை’ மட்டும்தான். விடை வந்துவிட்டது.

இதில் சண்டை வந்த இடம் இரண்டாம் குறிப்பு. பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருக்கிறாள். அவள்தான் ஆரம்பித்தாள்: “அத்தை, ‘ரை’ நெடில் இல்ல. சொல்லோட கடைசியில வந்தா ஐகாரக்குறுக்கம், ஒரு மாத்திரைதான்.” அவள் சொன்னதில் ஒரு பாதி முழுக்க உண்மை. ‘ஐ’க்கு இரண்டு மாத்திரை. சொல்லின் இடையிலும் கடைசியிலும் வரும்போது அது குறுகி ஒரு மாத்திரையாக ஒலிக்கும் என்பது இலக்கணம். கீழக்கரை என்று சொல்லிப் பாருங்கள், ‘ரை’யை யாரும் இழுத்துச் சொல்வதில்லை. அவள் கணக்கில் ‘ளை’யும் ‘ரை’யும் குறில். அப்படிப் பார்த்தால் இரண்டாம் குறிப்பில் மிச்சமிருந்த ஆறு ஊரும் ஒட்டுமொத்தமாகப் போய்விடும். பட்டியல் காலி. “புதிரே தப்பு” என்று பெஞ்சில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

ஆனால் குறிப்பு கேட்பது எழுத்தை, ஒலிக்கும் நேரத்தை அல்ல. உயிரெழுத்தில் நெடில் ஏழு: ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ. இந்தப் பட்டியலில் ‘ஐ’ இருக்கிறது. எங்கே வந்தாலும் அது நெடில் வகை எழுத்துதான், சில இடங்களில் ஒலி குறுகுகிறது, அவ்வளவுதான். குறுக்கம் என்று பெயர் வைத்ததே நெடில் குறுகுவதால்தான். குறிலாக இருந்தால் குறுகுவதற்கு என்ன இருக்கிறது?

சரி, இலக்கணம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால், தவறு எந்தக் குறிப்பில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைத்தான் வாசகர்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அடிக்கும்போது பெயரின் மேல் கோடு போடாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் அதை வெளியேற்றிய குறிப்பின் எண்ணை எழுதுங்கள். ஏற்கெனவே வெளியேறிய ஊரையும் விடாமல், நான்கு குறிப்பையும் பன்னிரண்டு ஊருக்கும் பார்த்துவிடுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் கோடு போட்டுவிட்டால் ஏன் போட்டோம் என்பது அடுத்த நிமிடம் மறந்துவிடும், எண் இருந்தால் திரும்பி வந்து பார்க்கலாம்.

அந்தப் பிள்ளையின் கணக்குப்படியே பட்டாணி மடிக்கும் தாளில் அப்படி எழுதிக் காட்டினேன். மண்டபத்துக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 எல்லாம் வந்தது. பாம்பனுக்கு 1, 2, 4. தேவிபட்டினத்துக்கு 1, 2. தொண்டிக்கு 2, 4. நம்புதாளைக்கு 2, 3. கீழக்கரைக்கு 2, 4. சேதுக்கரைக்கு 2 மட்டும். தாளைப் பார்த்ததும் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, 2 என்ற எண் பன்னிரண்டு ஊருக்கும் இருக்கிறது. எல்லா ஊரையும் வெளியேற்றும் குறிப்பை யாரும் வேண்டுமென்றே எழுத மாட்டார்கள், ஆகவே அதை நாம் படித்த விதத்தில்தான் கோளாறு. இன்னொன்று, ஒரே ஒரு எண் மட்டும் உள்ள ஊர் சேதுக்கரை ஒன்றுதான். சந்தேகமான 2-ஐ எல்லா ஊரிலிருந்தும் எடுத்துவிட்டால் எண்ணே இல்லாமல் நிற்பது அது மட்டும்தான்.

அதாவது, இரண்டாம் குறிப்பு இல்லாமலேயே விடை வந்துவிடுகிறது! இது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. முதல் குறிப்பு ஆறு ஊரை வைத்துக்கொள்கிறது. மூன்றாவது அவற்றில் தொண்டி, கீழக்கரை, சேதுக்கரை மூன்றை விடுகிறது. நான்காவதில் தொண்டிக்கு இடையினமே இல்லை, கீழக்கரைக்கு இரண்டு. சேதுக்கரை நிற்கிறது. யோசித்தால் காரணமும் புரியும். நெடிலில் முடிவது மெய்யில் முடியாது, ஆகவே இரண்டாம் குறிப்புக்குள்ளேயே முதல் குறிப்பு அடங்கியிருக்கிறது. இரண்டில் ஏதாவது ஒன்று போதும். மற்ற இரண்டும் அப்படி இல்லை. மூன்றாவதை எடுத்தால் நம்புதாளையும் சேதுக்கரையும் சேர்ந்து நிற்கும், நான்காவதை எடுத்தால் கீழக்கரையும் சேதுக்கரையும் நிற்கும்.

புதிர் போடுபவர் அச்சுக்கு அனுப்பும் முன் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு குறிப்பாக மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் போட்டுப் பார்ப்பது. மறைத்தும் ஒரே விடை வந்தால் அந்தக் குறிப்பு கட்டாயமில்லை. கூடுதல் குறிப்பு இருப்பது தப்பு இல்லை, சிறுவர்களுக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் கூடுதலாக வைப்பது சந்தேகம் வராத குறிப்பாக இருக்க வேண்டும். இங்கே தேவையே இல்லாத குறிப்புதான் சண்டையையும் கொண்டுவந்தது.

விடை தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறிப்பை 1, 2, 3 என்று வரிசையாகத்தான் போட வேண்டும் என்று இல்லை. இந்தப் புதிரில் நான்காவதை முதலில் போட்டால் பன்னிரண்டில் ஒன்பது ஊர் ஒரே அடியில் போய்விடும், மிச்சம் நம்புதாளை, தேவிபட்டினம், சேதுக்கரை மூன்றுதான். ய, ர, ல, வ, ழ, ள ஆறின் வரிசையில் வருவதைப் புள்ளி எழுத்தையும் சேர்த்து எண்ண வேண்டும், அது மட்டும் கவனம். ஏர்வாடியில் ‘ர்’ என்பதை விட்டுவிட்டு ‘வா’வை மட்டும் எண்ணினால் அதுவும் நான்காவதாக உள்ளே வந்துவிடும்.

ஆனால் எல்லாக் குறிப்பையும் இப்படி முன்பின்னாகப் போட முடியாது. அந்தந்த ஊரின் எழுத்தை மட்டும் கேட்கும் குறிப்பாக இருந்தால்தான் முடியும். ‘இதன் கடைசி எழுத்தில் முடியும் ஊர் வேறு இல்லை’ என்று ஒரு குறிப்பு வந்தால் கதை மாறிவிடும். முழுப் பட்டியலில் அதைப் போட்டால் பாம்பனும் மூக்கையூரும் நிற்கும். முதல் குறிப்பும் மூன்றாம் குறிப்பும் போட்ட பிறகு போட்டால் தொண்டி நிற்கும், ஏனென்றால் அதோடு ‘டி’யில் முடிந்த ஏர்வாடி அதற்குள் போயிருக்கும். அந்த மாதிரிக் குறிப்பு தங்கள் பக்கத்தில் எப்போதாவது வந்தால், ‘முழுப் பட்டியலில்’ அல்லது ‘இப்போது மிச்சமிருப்பதில்’ என்று ஒரு சொல் சேர்த்துப் போடுங்கள்.

புதிர் தயாரித்தவர் ஒரு விஷயத்தில் நல்ல கவனமாக இருந்திருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்து ஊர் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவு வரும் ராமேஸ்வரத்தையும் தனுஷ்கோடியையும் பட்டியலில் சேர்க்கவில்லை. ‘ஸ்’, ‘ஷ்’ இரண்டும் வல்லினம், மெல்லினம், இடையினம் எதிலும் வராத எழுத்துகள். ராமேஸ்வரத்தை ‘இ’ போட்டு எழுதுபவர்களும் உண்டு, அப்போது முதல் எழுத்தே வேறு. தேவிபட்டினத்தை ‘ப்’ சேர்த்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் எழுத்துகளின் எண்ணிக்கையைக் கேட்கும் குறிப்பு வரும் வாரத்தில் மட்டும், பட்டியலில் அச்சிட்டபடியே எண்ணவும் என்று போட்டுவிட்டால் நல்லது.

அந்த இரண்டாம் குறிப்புக்கு வருகிறேன். அதை எடுக்க மனமில்லை என்றால் மாற்றி எழுதலாம். ‘கடைசி எழுத்து நெடில்’ என்பதற்குப் பதில் ‘கடைசி எழுத்து ஐகார வரிசை உயிர்மெய்’ என்று போட்டிருந்தாலும் அதே நம்புதாளை, வேதாளை, கீழக்கரை, சேதுக்கரை நான்கும்தான் நின்றிருக்கும். மாத்திரை பேச்சே வந்திருக்காது. முடிந்தால் வரும் இதழில் இந்த விளக்கத்தைச் சுருக்கமாகவாவது வெளியிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அச்சில் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாம்பன்.